சந்திரனும் புதனும்: ஒருதலை நட்பின் கணக்கு

கோள்களின் இயல்பான நட்பும் பகையும் இருதலையாகவே அமையும் என்ற கருத்து, அட்டவணையை மட்டும் பார்ப்பதால் எழுவது. வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் சத்தியாசாரியர் கொள்கையாகக் கூறும் விதி வேறொன்றைக் காட்டுகிறது. ஒரு கோளின் மூலத்திரிகோண ராசிக்கு 2, 4, 5, 8, 9, 12ஆம் ராசிகளின் அதிபதிகளும் அக்கோளின் உச்சராசி அதிபதியும் கணக்கில் வருவர். ஓர் அதிபதியின் இரு வீடுகளும் இதனுள் வந்தால் நட்பு. ஒன்று மட்டும் வந்தால் சமம். எதுவும் வராவிடில் பகை. ஒரே வீடுடைய சூரிய சந்திரருக்கு அவ்வொன்று வந்தாலே நட்பு.

சந்திரனுக்கு மூலத்திரிகோணம் ரிஷபம். அதன் இரண்டாம் வீடு மிதுனம், ஐந்தாம் வீடு கன்னி, இரண்டும் புதனுடையவை. ஆகவே சந்திரனுக்குப் புதன் நட்பு. புதனுக்கு மூலத்திரிகோணம் கன்னி. கடகமோ அதற்குப் பதினொன்றாம் வீடு; கணக்கில் சேராது. ஆகவே புதனுக்குச் சந்திரன் பகை. தாராசசாங்கக் கதையைக் காரணமாகச் சொல்வாருண்டு. விதிக்கு அக்கதை தேவையில்லை.

இனி, புதன் கடகத்தில் நிற்கும் ஜாதகத்தில் அதைப் பகைவீடு என்று அங்கேயே முடித்துவிடலாகாது. ஒரு கோளுக்கு 2, 3, 4, 10, 11, 12இல் நிற்பவர் அதற்குத் தற்காலிக நட்பு. ஏனைய இடங்களில் நிற்பவர் பகை. சந்திரன் மிதுனத்தில் இருப்பின் புதனுக்குப் பன்னிரண்டில் நிற்பதால், இயல்பான பகையும் தற்காலிக நட்பும் கூடிப் புதனுக்குச் சமநிலை கிட்டும். சந்திரனுக்கோ புதன் அதிநட்பாவான். சந்திரன் கும்பத்தில் இருப்பின் அது எட்டாமிடம். புதனுக்குக் கடகம் அதிபகை வீடாகிவிடும்.