மெய் பொருளுக்கு, உயிர் உடையவருக்கு
ஸூலு கற்பவர்கள் எழுத்தில் செய்யும் இருவகைப் பிழைகள்

தென்னாப்பிரிக்காவில் வீட்டு மொழியாக மிக அதிகம் பேர் பேசுவது ஸூலு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 24 விழுக்காட்டினர் வீட்டில் இதைத்தான் பேசுகிறார்கள். இந்த மொழியைப் புதிதாகக் கற்பவர் ‘பையனின் பெரிய நாய்கள் ஓடுகின்றன’ என்று எழுத முயன்றால், பல நேரம் இப்படி ஒரு வாக்கியம் வந்து விழும்:

இஸின்ஜ என்குலு ய உம்ஃபான உயகிஜிம.

சொற்கள் எல்லாம் சரியானவைதாம். இஸின்ஜ என்றால் நாய்கள், உம்ஃபான பையன், குலு பெரிய, கிஜிம ஓடு. ஆனாலும் இந்தச் சிறு வாக்கியத்தில் நான்கு பிழைகள் இருக்கின்றன. திருத்திய வடிவம் இது:

இஸின்ஜ எஸின்குலு ஸொம்ஃபான ஸியகிஜிம.

இந்தக் கட்டுரையில் ‘ஸ’ என்று வருமிடத்தில் தொண்டை அதிரச் சொல்லும் சகரத்தைக் கொள்ள வேண்டும். ‘ச’ என்று எழுதியிருப்பது ‘பசி’யில் வரும் சாதாரண ஒலி. ஸூலுவில் இவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள்.

திருத்திய வாக்கியத்தைப் படிக்கும்போது ஒன்று காதில் படும். நாய்கள் என்ற சொல்லில் உள்ள ‘ஸ’ ஒலி, ‘பெரிய’ என்ற அடையிலும், ‘பையனின்’ என்ற உடைமைச் சொல்லிலும், வினையிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அதுதான் இயைபு. ஸூலுவில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஒரு வகுப்பைச் சேர்ந்தது. ஒருமை, பன்மை, உட்பிரிவு எல்லாம் சேர்த்து 15 அளவில் வகுப்புகள் உண்டு. ஜெர்மானிய அறிஞர் கார்ல் மெய்ன்ஹாஃப் வகுத்த எண்வரிசையைத்தான் இலக்கண நூல்கள் இன்றும் இவற்றுக்குப் பயன்படுத்துகின்றன. தமிழில் ‘ஓடினான், ஓடினாள், ஓடின’ என்று வினையின் கடைசியில் திணையும் பாலும் தெரிகின்றன. ஸூலுவில் அந்தச் செய்தி சொல்லின் தொடக்கத்தில் நிற்கிறது. வினையோடு நின்றுவிடாமல் அடைமொழிக்கும் உடைமைச் சொல்லுக்கும் அது பரவுகிறது.

இப்போது பிழைகளைப் பார்க்கலாம். ‘என்குலு’ என்பது ஒரே ஒரு நாய்க்குரிய அடை. ‘இன்ஜ என்குலு’ என்றால் பெரிய நாய். பன்மைக்கு ‘எஸின்குலு’ வேண்டும். மாணவர் பெயர்ச்சொல்லைப் பன்மையாக்கிவிட்டு அடையை மறந்துவிட்டார். கடைசிச் சொல் ‘உயகிஜிம’வில் காரணம் வேறு. வினைக்கு மிக அருகில் நிற்பது பையன் என்ற சொல். மாணவர் அதோடு வினையை இயைத்துவிட்டார். அதனால் ஓடுவது பையன் என்றாகிவிடுகிறது. அடுத்த வாக்கியத்தில் எழுவாயைச் சொல்லாமல் ‘ஸியகிஜிம’ என்று மட்டும் எழுதினால் நாய்கள் ஓடுவதாகவும், ‘உயகிஜிம’ என்றால் அவன் ஓடுவதாகவும் பொருள். எழுவாய் மறைந்த இடத்தில் ஓடுவது யார் என்று காட்ட அந்த முன்னொட்டு மட்டுமே இருக்கிறது.

மிச்சமுள்ள இரண்டு பிழைகளும் ‘ய உம்ஃபான’ என்ற ஒரே இடத்தில் நடந்திருக்கின்றன. இந்த இடம் புரிந்துவிட்டால் மற்றவை எளிது.

‘உடைய’ என்பதற்கு ஸூலுவில் இருப்பது ‘அ’ என்ற ஓர் உயிர். அதற்கு முன்னால், உடைமைப் பொருளின் வகுப்புக்குரிய முன்னொட்டு வந்து சேரும். நாய்களுக்கு ‘ஸி’. ஸி + அ சேர்ந்தால் இகரம் கெட்டு ‘ஸ’ ஆகும். அதன் பிறகு உடையவரின் பெயர் வருகிறது: உம்ஃபான. இப்போது ‘ஸ’வில் உள்ள அகரமும் ‘உம்ஃபான’வின் உகரமும் நேருக்கு நேர் நிற்கின்றன. ஸூலு அவற்றை அப்படியே விடாது. அ + உ சேர்ந்து ஒ ஆகும், அ + இ சேர்ந்து எ ஆகும், அ + அ ஒரே அகரமாகும். ஆகவே ஸொம்ஃபான. ‘எஸின்குலு’வில் உள்ள எகரமும் இதே விதியால் வந்ததுதான்.

ரொட்டிக்கு இசின்க்வ என்று பெயர். அதன் முன்னொட்டு ‘சி’. பையனின் ரொட்டி ‘இசின்க்வ சொம்ஃபான’. குழந்தை ‘இங்கானே’ என்பதால், குழந்தையின் ரொட்டி ‘இசின்க்வ செங்கானே’. பிள்ளைகள் ‘அபான்ட்வான’ என்பதால், பிள்ளைகளின் ரொட்டி ‘இசின்க்வ சபான்ட்வான’. ரொட்டிகள் பலவானால் முதல் ஒலி ‘ஸ’ ஆகும்: ‘இஸின்க்வ ஸெங்கானே’. அந்த ஒரே எழுத்தில் மெய் பொருளைச் சொல்கிறது. உயிர் உடையவரைச் சொல்கிறது. மெய் தவறினால் அது இயைபுப் பிழை. உயிர் தவறினால் அது புணர்ச்சிப் பிழை. நம் மாணவர் ‘ஸ’வுக்குப் பதில் ஒருமைக்குரிய ‘ய’ எழுதியது முதல் வகை. இரண்டு உயிர்களைச் சேர்க்காமல் விட்டது இரண்டாம் வகை.

விதியைக் கற்றபின் வேறொரு தவறு வரும். தெம்ப என்பவரின் ரொட்டியை ‘சொதெம்ப’ என்று எழுதிவிடுவார்கள். ஆட்பெயருக்கும் அப்பா, அம்மா போன்ற முறைப்பெயருக்கும் ‘க’ என்ற தனி உறுப்பு உண்டு. ‘இசின்க்வ சிகதெம்ப’ என்பதே சரி.

வினைகளிலும் உயிர் மோதல் உண்டு. ‘என்ஸ’ என்றால் செய். நாங்கள் என்பதற்குரிய ‘சி’ அதோடு சேரும்போது இகரம் கெட்டு ‘சென்ஸ’ ஆகும். ‘அவர்கள்’ என்ற ‘ப’ சேர்ந்தால் பென்ஸ. ‘அவன்’ என்ற ‘உ’ வகரமாக மாறி வென்ஸ. தமிழர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். இகரத்துக்குப் பின் உயிர் வந்தால் யகர உடம்படுமெய் சேர்ப்பது நமக்குப் பழக்கம். அப்படி ‘சியென்ஸ’ என்று எழுதினால், அது ஸூலுவில் வேறொரு வடிவம். அதில் உள்ள ‘ய’ நிகழ்காலத்துக்கான தனி உறுப்பு. வினைக்குப் பின் வேறு எதுவும் சொல்லாமல் தொடர் முடியும் இடத்தில் அது வரும்.

வகுப்பைத் தவறாக எண்ணுவதற்கு முக்கியக் காரணம், தொடக்க எழுத்தை நம்புவது. நாய் ‘இன்ஜ’, குதிரை ‘இஹாஷி’. இரண்டும் இகரத்தில் தொடங்குகின்றன. ஆனால் நாய் ஓடுகிறது ‘இயகிஜிம’. குதிரை ஓடுகிறது ‘லியகிஜிம’. பன்மையைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: இஸின்ஜ, அமஹாஷி. அதனால் பெயர்ச்சொல்லை ஒருமையும் பன்மையுமாகச் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். ‘இன்டோட’ (ஆண்) போல ஒருமையில் நாயின் வகுப்பிலும் பன்மையில் குதிரைகளின் வகுப்பிலும் நிற்கும் சில சொற்களும் உண்டு. அவற்றைத் தனியே நினைவில் வைப்பதைத் தவிர வழியில்லை.

இயைபை உதறிவிட்ட ஒரு பேச்சும் தென்னாப்பிரிக்காவில் இருந்திருக்கிறது. ஃபனகாலோ என்பது அதன் பெயர். முதலாளிகளும் தொழிலாளர்களும் சுரங்கங்களிலும் பண்ணைகளிலும் பேசிய கலப்பு மொழி அது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் உள்ளிட்ட இந்தியரிடையிலும் அது புழங்கியது. ஸூலுவில் ‘நான் போகிறேன்’ என்பது ‘ங்கியஹம்ப’ என்ற ஒரே சொல். ஃபனகாலோவில் ‘மினா ஹம்ப’ என்று இரண்டு சொற்களை அடுக்கினால் போதும். ஏவல் மொழியாக வளர்ந்த அதை ஸூலு மக்கள் பலர் விரும்புவதில்லை.

எழுதி முடித்த பக்கத்தை இரண்டு முறை தனித்தனியாகச் சரிபாருங்கள். முதல் முறை உயிர்களை மட்டும் பாருங்கள். ஒரு சொல்லுக்குள் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நின்றால் சந்தேகப்படுங்கள். ‘உ-அன்யானிசி’ (வெங்காயம்) போன்ற கடன்சொற்களில் நடுவே சிறுகோடு இட்டு எழுதுவது மட்டும் விலக்கு. ‘ய உம்ஃபான’ போல உடைமை உறுப்பு தனியே நின்றாலும் பிழை; ஸூலுவில் அதை அடுத்த சொல்லோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். இரண்டாம் முறை எழுவாயைக் கோடிட்டு, அதைச் சார்ந்த ஒவ்வொரு சொல்லின் முதல் ஒலியையும் அதோடு ஒப்பிடுங்கள். ஆசிரியர்களும் இந்த இரு பிழைகளையும் இரு நிறத்தில் குறிப்பது நல்லது. உயிர்ப் பிழைக்குச் சில விதிகள் போதும். இயைபுப் பிழைக்கு ஒவ்வொரு சொல்லின் வகுப்பும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டால், எதைப் படிக்க வேண்டும் என்று மாணவருக்குத் தெரியாது.