40 லட்ச ரூபாய் மனை, 12 லட்ச ரூபாய் மதிப்பு: ஒரு வழக்குரையின் கட்டணக் கணக்கு

தமிழ்நாட்டில் சொத்து வழக்கு தொடுப்பவர் 2017 வரை வழக்கு மதிப்பில் 7.5 சதவீதத்தை நீதிமன்றக் கட்டணமாகச் செலுத்தினார். அந்த ஆண்டின் திருத்தச் சட்டம் இதை 3 சதவீதமாகக் குறைத்தது. 40 லட்ச ரூபாய் மதிப்புள்ள வழக்கில் 3,00,000 ரூபாயாக இருந்த கட்டணம் 1,20,000 ரூபாய் ஆனது. குறைப்பு 60 சதவீதம். ஆனாலும் சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டும் பழக்கம் ஒழியவில்லை. அதில் கிடைக்கும் மிச்சம் எவ்வளவு, போகக்கூடியது எவ்வளவு என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். இதில் வரும் தொகைகளும் தேதிகளும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. விதிகள் நடைமுறையில் இருப்பவை.

சொத்து 2,500 சதுர அடி வீட்டு மனை. வாதி அதை 2008இல் சதுர அடி 480 ரூபாய்க்கு, மொத்தம் 12,00,000 ரூபாய்க்கு வாங்கினார். 2012 அக்டோபர் 10 அன்று பிரதிவாதி மனைக்குள் புகுந்து, தன்னுடையதென்று சொல்லிச் சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டார். வாதி வழக்குத் தாக்கல் செய்த நாள் 2024 செப்டம்பர் 20. அன்றைய சந்தை விலை சதுர அடிக்கு 1,600 ரூபாய். மனையின் மதிப்பு 40,00,000 ரூபாய். வழக்குரையிலோ கிரயப் பத்திரத்தில் இருந்த 12,00,000 ரூபாயே மதிப்பாக எழுதப்பட்டது. கட்டிய கட்டணம் 36,000 ரூபாய்.

இங்கே தவறு தேதியில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, சந்தை மதிப்பு என்பது வழக்குரை தாக்கல் செய்யும் நாளின் மதிப்பு. வாங்கிய நாளின் விலைக்கு இதில் இடமில்லை. 16 ஆண்டு பழைய விலையை எழுதியதால் உண்மை மதிப்பில் 30 சதவீதம் மட்டுமே காட்டப்பட்டது. கட்டணமும் 30 சதவீதம்தான் கட்டப்பட்டது. பற்றாக்குறை 84,000 ரூபாய். இதே குறைப்பைப் பழைய 7.5 சதவீதத்தில் செய்திருந்தால் 2,10,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். கிடைக்கும் மிச்சம் சுருங்கிவிட்டது. குறைமதிப்புக்காக வழக்குரையை நிராகரிக்கும் விதி அன்றிருந்தபடியே இருக்கிறது.

கட்டணத்தை மதிப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. கேட்கும் பரிகாரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. உரிமை விளம்புகையோடு சுவாதீனத்தையும் கேட்டால் 25(அ) பிரிவின்படி முழுச் சந்தை மதிப்புக்கும் கட்டணம்: 1,20,000 ரூபாய். விளம்புகையோடு நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டால் 25(ஆ) பிரிவின்படி மதிப்பில் பாதி, அதாவது 20,00,000 ரூபாய்க்கு 60,000 ரூபாய். விளம்புகை இல்லாமல் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டாலும், தன் உரிமையைப் பிரதிவாதி மறுக்கிறார் என்று வாதியே எழுதியிருந்தால் 27ஆம் பிரிவின்படி அதே பாதி மதிப்புதான். 1,20,000 ரூபாய்க்கும் 60,000 ரூபாய்க்கும் இடையிலான வித்தியாசம் பலரைச் சபலப்படுத்துகிறது. சுவாதீனம் கையில் இல்லாதவர் இருப்பதாக எழுதி உறுத்துக்கட்டளை கேட்கிறார். அந்த 60,000 ரூபாய் மிச்சம் விசாரணையில் நிற்காது என்பது என் கருத்து. சுவாதீனம் இல்லை என்று சாட்சியத்தில் தெரியவந்தால் உறுத்துக்கட்டளை கிடைக்காது. சுவாதீனத்தைக் கேட்காத வெறும் விளம்புகைக்குக் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 34ஆம் பிரிவு தடையாக நிற்கும்.

குறைமதிப்பு இரண்டு கட்டங்களில் பிடிபடலாம். முதலாவது, வழக்கை எண்ணிடும் முன் நீதிமன்றம் தானே சரிபார்ப்பது. இரண்டாவது, பிரதிவாதி எதிருரையில் ஆட்சேபிப்பது. 1955 சட்டத்தின் 12ஆம் பிரிவு இரண்டுக்கும் வழி செய்கிறது. பிரதிவாதி பெரும்பாலும் நீட்டுவது பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு. அது முடிவான சான்று அல்ல. ஆனால் வழிகாட்டி மதிப்பு 1,400 ரூபாயாக இருக்கும்போது 480 ரூபாய் என்று எழுதியவர் காரணம் சொல்லியாக வேண்டும். தேவைப்பட்டால் நீதிமன்றம் ஆணையரை அனுப்பி மதிப்பை விசாரிக்கலாம். கட்டண விவகாரம் வாதிக்கும் அரசுக்கும் இடையிலானது, வழக்கை இழுத்தடிக்கப் பிரதிவாதிக்குக் கொடுத்த ஆயுதம் அல்ல என்று இதே 1955 சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961இல் தெளிவாக்கியது. ஆட்சேபத்தை எழுப்பப் பிரதிவாதிக்கு உள்ள உரிமை அதனால் போய்விடவில்லை.

குறைவாக மதிப்பிட்டதற்காக மட்டும் வழக்குரை அன்றே நிராகரிக்கப்படாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7, விதி 11(ஆ)வில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன: மதிப்பு குறைவாக இருக்க வேண்டும்; அதைத் திருத்த நீதிமன்றம் கெடு கொடுத்தும் வாதி திருத்தாமல் விட்டிருக்க வேண்டும். மதிப்பு சரியாக இருந்து முத்திரை மட்டும் குறைந்தால் (இ) உட்பிரிவு; அதிலும் கெடு உண்டு. நம் உதாரணத்தில் 2025 ஆகஸ்ட் 4 அன்று நீதிமன்றம் மதிப்பை 40,00,000 ரூபாய் என்று தீர்மானித்து, 84,000 ரூபாயைக் கட்ட 30 நாள் கொடுக்கிறது. கடைசி நாள் செப்டம்பர் 3. வாதி அதற்குள் கட்டிவிட்டால் 149ஆம் பிரிவின்படி, முழுக் கட்டணமும் 2024 செப்டம்பர் 20 அன்றே கட்டியதாகக் கருதப்படும். இழப்பு எதுவும் இல்லை.

கட்டாவிட்டால் நிராகரிப்பு. கெடுவை நீட்டிக்க 1976 திருத்தம் குறுகிய வாசலைத்தான் விட்டிருக்கிறது: விதிவிலக்கான காரணத்தால் வாதி தடுக்கப்பட்டிருக்க வேண்டும், நீட்டிக்க மறுத்தால் கடும் அநீதி நேர வேண்டும், இரண்டையும் நீதிமன்றம் எழுத்தில் பதிய வேண்டும். பணம் புரட்ட முடியவில்லை என்ற ஒற்றை வரி இதற்குப் போதாது. உண்மையிலேயே வசதியில்லாதவர் ஆணை 33இன் கீழ் வறியவராக வழக்குத் தொடுக்க அனுமதி கேட்கலாம். மதிப்பைக் குறைப்பதைவிட அது நேரான வழி.

நிராகரிப்புக்குப் பின் கட்டிய 36,000 ரூபாயைத் திருப்பித் தர 1955 சட்டத்தில் இடம் உண்டு. ஆணை 7, விதி 13இன்படி புதிய வழக்குரையும் தாக்கல் செய்யலாம். ஆனால் காலவரையறைச் சட்டத்தின் 65ஆம் உறுப்பின்படி, உரிமையை வைத்துச் சுவாதீனம் கேட்க 12 ஆண்டுதான் உண்டு. பிரதிவாதியின் எதிரனுபவம் 2012 அக்டோபர் 10 அன்று தொடங்கியிருந்தால் அந்தக் காலம் 2024 அக்டோபர் 10உடன் முடிந்துவிட்டது. முதல் வழக்குரை 20 நாள் மீதமிருக்கும்போது தாக்கலானது. 2025 செப்டம்பர் 3 அன்று கெடு தவறும்போது காலவரையறை கடந்து 328 நாள் ஆகியிருக்கும். நிராகரிப்பு ஆணை சட்டப்படி தீர்ப்பாணைக்குச் சமம் என்பதால் மேல்முறையீடு செய்யலாம். அது தோற்றால் 84,000 ரூபாய்க்காக 40,00,000 ரூபாய் மனையை மீட்கும் உரிமை போய்விடும். சொத்து மதிப்பில் அந்தப் பற்றாக்குறை 2.1 சதவீதம்.

சரியான மதிப்பு அந்த நீதிமன்றத்தின் பண வரம்பைத் தாண்டிவிட்டால் நடப்பது வேறு. அப்போது ஆணை 7, விதி 10இன்படி வழக்குரை உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்காகத் திருப்பித் தரப்படும். நல்லெண்ணத்தோடு வழக்கை நடத்தியிருந்தால் அங்கே செலவான காலத்தைக் கழித்துக்கொள்ளக் காலவரையறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உதவும். வாங்கிய விலையைத் தெரிந்தே இன்றைய விலையாக எழுதியவர் அந்த நல்லெண்ணத்தை நிரூபிப்பது கடினம்.

1955 சட்டத்தின் 10ஆம் பிரிவு கேட்கும் மதிப்பீட்டு விவரத்தில் பரப்பு 2,500 சதுர அடி, வழிகாட்டி மதிப்பு, அண்மைக் கிரயங்களில் கண்ட விலை, தாக்கல் நாளின் சந்தை மதிப்பு ஆகிய நான்கையும் தனித்தனி வரியில் எழுதிவிடலாம். அப்படி எழுதியபின் நீதிமன்றம் சதுர அடிக்கு 1,700 ரூபாய் என்று தீர்மானித்தாலும் மதிப்பு 42,50,000 ரூபாய், பற்றாக்குறை 7,500 ரூபாய். 30 நாளில் அதைப் புரட்டுவது 84,000 ரூபாயைப் புரட்டுவதைவிட எளிது.