இணைப்பு 3 எங்கே?

ஆரம்ப சுகாதார நிலையத்துத் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கான பல பக்கச் செயல்முறை ஆவணத்தை, சுவரில் ஒட்டும் ஒரு பக்கப் பட்டியலாகச் சுருக்குவதாக வைத்துக்கொள்வோம். பாதி எளிது. காலை, மாலை இருவேளையும் வெப்பநிலையைப் பார், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று குறித்துக்கொள், கையொப்பமிடு.

சிக்கல் அடுத்த படியில்: “வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனால் இணைப்பு 3-இன்படி செய்க.” வந்த கோப்பில் இணைப்பு 3 இல்லை. அனுபவசாலி ஒருவர் அது குலுக்கல் சோதனையாகத்தான் இருக்கும் என்று நினைவிலிருந்து எழுதித் தரக்கூடும். அதை ஏற்கக் கூடாது என்பேன். எந்த மருந்துக்கு, எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதில்தான் தவறு நுழையும். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி போன்றவை உறைந்தால் வீரியம் இழக்கும். குப்பியின் வெப்பக் குறிகாட்டி உறைதலைக் காட்டாது.

அந்தப் படியை நீக்கவும் கூடாது. நீக்கினால் அப்படியொரு நிலையே வராது என்று படிப்பவர் நம்பிவிடுவார். இடத்தில் இப்படி எழுதலாம்: “0-க்குக் கீழே: குப்பிகளை ‘பயன்படுத்தாதே’ என்று எழுதித் தனியே, 2 முதல் 8 டிகிரிக்குள் வை. எறியாதே. மருத்துவ அலுவலரை அழை. (இணைப்பு 3 கிடைக்கவில்லை, கேட்ட தேதி ____)”

பொறுப்பானவரின் தொலைபேசி எண்ணையும் மூல ஆவணத்தின் பதிப்பு எண்ணையும் பட்டியலின் அடியில் எழுதுங்கள். இணைப்பு வந்ததும் அந்த வரியை மட்டும் மாற்றி, பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும்.