கட்டட அனுமதிப் பலகையை மொழிபெயர்த்துப் படித்தல்

கட்டுமானம் நடக்கும் மனையில் வைக்கப்படும் அனுமதிப் பலகை, அல்லது உரிமையாளர் காட்டும் அனுமதி ஆணையின் நகல், அங்கே என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், எந்த நாள்வரை கட்டலாம் என்பதைச் சொல்லும் ஆவணமாகும். தமிழ்நாட்டில் இவற்றுள் பல ஆங்கிலத்திலோ ஆங்கிலமும் தமிழும் கலந்தோ இருக்கின்றன. தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்த மலை ஊராட்சியான சித்தேரி போன்ற ஊர்களில், பக்கத்து மனைக்காரர் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்து, படித்த பிள்ளைகளிடம் கொடுத்து, "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்பது வழக்கம். அவர் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்தப் பதிலை வைத்துத்தான். ஒரு தேதியோ ஒரு சொல்லோ மாறினால், சட்டப்படி நடக்கும் வேலையின்மீது வீண் புகார் போகும். அல்லது உண்மையான மீறல் கண்ணில் படாமல் போகும்.

எந்த அனுமதி?

முதலில் தாளின் தலைப்பைப் பார்க்க வேண்டும். திட்ட அனுமதி என்பது நிலத்தில் இவ்வகைக் கட்டடம் வரலாம் என்று நகர் ஊரமைப்புத் துறை போன்ற திட்ட அமைப்பு தருவது. கட்டட அனுமதி என்பது கட்டத் தொடங்கலாம் என்று உள்ளாட்சி அமைப்பு தருவது. கிராமத்தில் அது ஊராட்சி. இரண்டுக்கும் தனித்தனி எண்ணும் தேதியும் உண்டு. 2019 முதல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். பலகையில் இரண்டு எண்கள் இருந்தால் எந்தத் தேதி எதற்கு உரியது என்று பிரித்தே எழுத வேண்டும். இரண்டையும் "அனுமதி" என்ற ஒரே சொல்லால் பெயர்த்தால், ஒன்றின் தேதி மற்றதன் தேதியாகிவிடும்.

ஒரு மாதிரிப் பலகை

விளக்கத்துக்காக அமைத்த மாதிரி ஒன்றைப் பார்ப்போம். அதில் ஆங்கிலத்தில் இவை உள்ளன: வழங்கிய நாள் 05/03/2024, செல்லுபடியாகும் நாள் 04/03/2029, தளங்கள் "கிரவுண்ட் பிளஸ் ஒன்", உயரம் 7.0 மீட்டருக்கு மிகாமல். பக்க "செட்பேக்" குறைந்தது 1.5 மீட்டர், முன் அனுமதி இல்லாமல் இரவு 10 முதல் காலை 6 வரை ஓசை எழுப்பும் வேலை கூடாது.

தேதிகளைச் சரிபார்த்தல்

இந்திய அரசு ஆவணங்களில் தேதி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் வரும். ஆகவே 05/03/2024 என்பது மார்ச் 5. மே 3 அன்று. இதை உறுதிசெய்ய இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்க்கலாம். 2024 மார்ச் 5 முதல் 2029 மார்ச் 4 வரை சரியாக 5 ஆண்டு. மாதத்தை முதலில் வைத்துப் படித்தால் 2024 மே 3 முதல் 2029 ஏப்ரல் 3 வரை என்றாகி, 5 ஆண்டுக்கு ஒரு மாதம் குறையும். அனுமதிக் காலம் முழு ஆண்டுகளில் தரப்படுவதால், அப்படிக் குறைந்து வந்தால் வரிசையைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று பொருள்.

மங்கிய படத்தில் 3-ம் 8-ம், 1-ம் 7-ம் ஒன்றுபோல் தெரியும். அங்கும் இதே கணக்கு உதவும். முடிவு நாளை 04/08/2029 என்று படித்தால் 5 ஆண்டும் 5 மாதமும் வருகிறது. அது பொருந்தாததால் 3 என்பதே சரி என்று ஊகிக்கலாம். ஆனாலும் மொழிபெயர்ப்பில் "படத்தில் இந்த எண் தெளிவாக இல்லை" என்று குறித்துவிட்டு, இன்னொரு படம் கேட்பதே முறை. பலகைக்கு நேர் எதிரே நின்று, வெயில் பளபளப்பு விழாமல், எண்கள் மட்டும் நிறையும்படி கிட்டத்தில் எடுத்த படம் போதும்.

எல்லா அனுமதிக்கும் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு தொடக்கத்தில் 3 ஆண்டு என்றே வைத்திருந்தது. பின்னர் திருத்தங்களால் அது நீண்டது. எனவே தாளில் அச்சிட்ட நாளையே எழுத வேண்டும். முடிவு நாள் கடந்தால் கட்டியதெல்லாம் சட்டவிரோதம் என்று பொருளில்லை. அனுமதி புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்க வேண்டிய நாள் அது.

கட்டுப்பாடுகளைப் பெயர்த்தல்

கட்டுப்பாட்டு வரிகளில் பொருளை மாற்றுவது சின்னச் சொற்கள்தான். "மிகாமல்" என்பது மேல் எல்லை. "குறைந்தது" என்பது கீழ் எல்லை. உயரம் 7 மீட்டருக்கு மிகாமல் என்றால் 6 மீட்டர் கட்டினாலும் சரி. பக்க இடைவெளி குறைந்தது 1.5 மீட்டர் என்றால் 2 மீட்டர் விட்டாலும் சரி, 1 மீட்டர் மட்டும் விட்டால் மீறல்.

கேட்பவருக்கு அடிக்கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். 7 மீட்டர் ஏறக்குறைய 23 அடி, 1.5 மீட்டர் 4 அடி 11 அங்குலம். படத்தில் புள்ளி மறைந்து 1.5 என்பது 15 ஆகத் தெரிவதுண்டு. ஒரு வீட்டு மனையில் பக்கத்தில் 15 மீட்டர், அதாவது 49 அடி விடுவது நடக்காத காரியம் என்பதால் பிழை உடனே புலப்படும்.

"செட்பேக்" என்பது மனையின் எல்லைக் கோட்டிலிருந்து புதுச் சுவர்வரை உள்ள திறந்த இடம். பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து அளப்பதல்ல. இதைச் சொல்லாமல் "1.5 மீட்டர் இடைவெளி" என்று மட்டும் பெயர்த்தால், அண்டை வீட்டார் தம் சுவரிலிருந்து அளந்து தவறான முடிவுக்கு வருவார். சித்தேரி போன்ற சரிவு நிலத்தில் உயரம் எந்தத் தரைமட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது என்பது பலகையில் இராது; ஒப்புதல் பெற்ற வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும்.

"கிரவுண்ட் பிளஸ் ஒன்" என்றால் தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமும், ஆக மொத்தம் இரண்டு தளங்கள். ஒரே தளம் என்று பெயர்த்துவிட்டால் மேல்தளம் எழும்பும்போது காரணமில்லாத சண்டை வரும்.

இரவு வேலை பற்றிய வரியில் "முன் அனுமதி இல்லாமல்" என்ற தொடரை விடக்கூடாது. அது விலக்குக்கு இடம் தருகிறது. அதே சமயம், பலகை என்ன சொன்னாலும், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஓசை எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கத் தடை விதிக்கின்றன. பலகையின் வரியையும் பொதுச் சட்டத்தையும் தனித்தனியாக எழுதித் தருவது நல்லது.

பலகை சொல்லாதவை

அனுமதி எண் இருப்பதால் நிலம் அவருடையது என்று ஆகாது. அது பட்டாவையும் பத்திரத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. மலைப்பகுதியில் இன்னொரு கேள்வியும் உண்டு. 1990-இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் அந்த வருவாய்க் கிராமம் இருந்தால் தனி ஒப்புதலும் தேவைப்படும்.

பலகையும் கட்டடமும் ஒத்துப்போகவில்லை என்று தோன்றினால், அனுமதி எண்ணைக் குறித்து ஊராட்சி அலுவலகத்திலோ வட்டார வளர்ச்சி அலுவலரிடமோ எழுத்தில் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைக் கேட்டு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் மொழிபெயர்ப்பை எழுதினால் மட்டும் போதாது. மூலத்தில் உள்ள எண்ணும் தேதியும் அப்படியே இருக்க வேண்டும். அலுவலகத்தில் கோப்பைத் தேடுவது அவற்றைக் கொண்டுதான்.