ஒரு பம்பரின் சந்தை எவ்வளவு பெரியது?

2011 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் போனது. ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் ஆகிய மூன்று கார் கம்பெனிகளும் தங்கள் கார்களுக்கான உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடுவதில்லை என்பது குற்றச்சாட்டு. பாகம் வேண்டுமென்றால் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் பாகத்தை மட்டும் தனியாக வாங்கிவர முடியாது, வண்டியை விட்டுத்தான் மாற்ற வேண்டும். இன்ஜினில் என்ன கோளாறு என்று காட்டும் ஸ்கேனரும் பழுதுபார்க்கும் கையேடுகளும் வெளியே இருக்கும் ஒர்க்‌ஷாப்களுக்குத் தரப்படுவதில்லை. ஆகவே, எத்தனை திறமையான மெக்கானிக்காக இருந்தாலும் அந்தக் காரைத் தொட முடியாது.

விசாரணை தொடங்கியதும் இது மூன்று கம்பெனிகளின் பழக்கம் மட்டுமல்ல என்று தெரியவந்தது. நாட்டில் கார் தயாரித்து விற்கும் பதினேழு கம்பெனிகள்மீது வழக்கு விரிந்தது. இந்தியாவின் போட்டிச் சட்டத்தை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழக்கு கிடையாது என்பது என் எண்ணம். இதில் யார் என்ன செய்தார்கள் என்பதில் பெரிய சண்டை இல்லை. சண்டை முழுவதும் ஒரே கேள்வியில்தான்: இங்கே ‘சந்தை’ என்பது எது?

சட்டம் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் நான்காவது பிரிவு, ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. ஒரு கம்பெனி பெரிதாக வளர்வது குற்றமில்லை. சந்தை முழுவதையும் தன் திறமையால் பிடித்துக்கொண்டாலும் குற்றமில்லை. போட்டியாளர்கள் என்ன செய்வார்களோ, வாங்குபவர்கள் விலகிப்போவார்களோ என்ற கவலையே இல்லாமல் நடந்துகொள்ளும் பலம் ஒருவருக்கு இருந்து, அந்தப் பலத்தைக் கொண்டு அநியாய விலையோ நிபந்தனையோ விதித்தால், அல்லது மற்றவர்கள் தொழிலுக்குள் வரவிடாமல் கதவை அடைத்தால், அப்போதுதான் சட்டம் குறுக்கிடும்.

அந்தப் பலம் இருக்கிறதா என்று பார்க்க, எந்தக் களத்தில் பார்ப்பது என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். களம் என்பது இந்திய கார் சந்தை என்றால், ஃபியட் மிகச் சிறிய பங்கு வைத்திருந்த கம்பெனி; அதை ஆதிக்கக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாருதியைத் தவிர வேறு எவர்மீதும் வழக்கு நிற்பதே கடினம். களம் என்பது ‘ஃபியட் காருக்கான உதிரிபாகங்கள்’ என்றால், அதே ஃபியட்டுக்குப் போட்டியாளரே கிடையாது. எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

கோட்டை விருப்பம்போல் போட முடியாது. ஒரு பொருளுக்கு மாற்றாக வாங்குபவர் எதையெல்லாம் ஏற்றுக்கொள்வார் என்பதுதான் அளவுகோல். பொருளின் தன்மை, விலை, எதற்காகப் பயன்படுகிறது ஆகிய மூன்றையும் வைத்துப் பார்க்கச் சட்டமே சொல்கிறது. உலகமெங்கும் போட்டி அதிகாரிகள் இதற்கு ஒரு கற்பனைச் சோதனையைக் கைக்கொள்கிறார்கள். ஒரு பொருளை ஒரே ஆள் மட்டும் விற்பதாக வைத்துக்கொண்டு, அவர் விலையை நிரந்தரமாக ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூட்டினால் லாபம் கிடைக்குமா என்று கேட்பார்கள். வாங்குபவர்கள் பெருமளவில் வேறு பொருளுக்கு மாறி அவருக்கு நஷ்டமானால், அந்த வேறு பொருளும் அதே சந்தையைச் சேர்ந்தது. கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டு மறுபடி கேட்பார்கள். விலையைக் கூட்டியும் ஆட்கள் போகாத இடம் வரும்போது எல்லை வந்துவிட்டது. நிலப்பரப்பையும் இப்படித்தான் பார்ப்பார்கள். இந்த வழக்கில் அது இந்தியா முழுவதும் என்று எளிதாகவே முடிவானது.

உதிரிபாகத்துக்கு இதைப் பொருத்தினால் விடை சட்டென்று வரும். ஹோண்டா காரின் முன்பக்க பம்பர் உடைந்தால், டொயோட்டா பம்பர் விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கி மாட்ட முடியாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

ஆனால் கம்பெனிகள் சொன்ன பதில் அற்பமானதல்ல. பாகத்தைத் தனியாகப் பார்ப்பதே தவறு என்றார்கள் அவர்கள். கார் வாங்குபவர் விலையை மட்டும் பார்ப்பதில்லை. மைலேஜ், சர்வீஸ் செலவு, பாகங்களின் விலை, விற்கும்போது என்ன கிடைக்கும் என்று எல்லாவற்றையும் விசாரித்துத்தான் வாங்குகிறார். ஆகவே காரும் அதன் வாழ்நாள் பராமரிப்பும் சேர்ந்த ஒரே சந்தைதான் உண்டு. பாகத்தின் விலையை ஒரு கம்பெனி ஏற்றினால் பெயர் கெட்டுப்போய் அடுத்த வருடம் அதன் கார் விற்காது. கார் சந்தையில் இருக்கும் கடும் போட்டியே பாகங்களின் விலையையும் கட்டுக்குள் வைத்திருக்கும் என்பது அவர்களின் வாதம்.

நம் ஊரில் மாருதி வாங்குபவர்கள் சொல்லும் முதல் காரணமே ‘பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும்’ என்பதுதான். அதனால் இந்த வாதத்தில் உண்மை இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆணையமும் தள்ளிவிடவில்லை; அது உண்மையாக இருக்க வேண்டுமானால் என்னென்ன நடந்தாக வேண்டும் என்று பிரித்துப் பார்த்தது.

முதலாவது, வாங்கும்போதே வாழ்நாள் செலவைக் கணக்கிட வாங்குபவரால் முடிய வேண்டும். எத்தனை வருடம் வைத்திருப்போம், எந்தப் பாகம் எப்போது போகும், விபத்து நேருமா, அன்றைக்கு அந்தப் பாகம் என்ன விலை விற்கும் என்பது ஷோரூமில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? பாகங்களின் விலைப் பட்டியலையே பல கம்பெனிகள் வெளியிடாத காலம் அது. இரண்டாவது, பாகத்தின் விலை ஏறினால் காரை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு லட்சம் ரூபாய் கார், மூன்று வருடப் பழசு. பன்னிரண்டாயிரம் ரூபாய் ஹெட்லைட்டின் விலையைக் கம்பெனி பத்து சதவீதம் ஏற்றுகிறது. உரிமையாளருக்குக் கூடுதல் செலவு 1,200 ரூபாய். இதிலிருந்து தப்பிக்க அவர் காரை விற்றுவிட்டு வேறு புதுக் கார் வாங்கினால் லட்சக்கணக்கில் நஷ்டம். அவர் முனகிக்கொண்டே 1,200 ரூபாயைக் கொடுத்துவிடுவார். மூன்றாவது, பெயர் கெடும் என்ற பயம். புதிதாக வாங்க வருபவர்களை இழக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே வாங்கிவிட்ட லட்சக்கணக்கானவர்களிடம் கிடைக்கும் லாபம் அந்த இழப்பைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் பயம் கம்பெனியைத் தடுக்காது.

இந்தச் சிந்தனை இந்தியாவில் முளைத்ததல்ல. 1992இல் கோடாக் நகலெடுக்கும் இயந்திரங்கள் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே வழியில்தான் போனது. இயந்திரச் சந்தையில் போட்டி இருக்கிறது என்பதாலேயே பாகங்களின் சந்தையில் கோடாக்குக்குப் பலம் கிடையாது என்று முடிவுகட்டிவிட முடியாது என்றது அந்தத் தீர்ப்பு.

விலையைக் கூட்டிப் பார்க்கும் சோதனையில் ஒரு பொறியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் விளக்கம் குறைப்பட்டுவிடும். 1956இல் செல்லோஃபேன் தாள் தயாரித்த டூபாண்ட் கம்பெனியின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. செல்லோஃபேன் மட்டும் என்றால் அதன் பங்கு ஏறத்தாழ 75 சதவீதம்; பொருள் சுற்றும் எல்லா வகைத் தாள்களையும் சேர்த்தால் 20 சதவீதத்துக்கும் குறைவு. விலை ஏறினால் ஆட்கள் வேறு தாளுக்கு மாறுகிறார்கள் என்பதால் பெரிய சந்தைதான் சரி என்று நீதிமன்றம் டூபாண்டை விடுவித்தது. பொருளாதார அறிஞர்கள் பிறகு ஓட்டையைக் காட்டினார்கள். தனியாதிக்கம் உள்ளவர் ஏற்கெனவே விலையை உச்சிவரை ஏற்றி வைத்திருப்பார். அதற்கு மேல் கூட்டினால் எவரும் ஓடத்தான் செய்வார். ஓடுகிறார்கள் என்பது போட்டிக்குச் சாட்சியல்ல. ஆகவே ஆதிக்க வழக்குகளில் இன்றைய விலையை அப்படியே நியாயமான விலையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடக் கூடாது.

2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையத்தின் உத்தரவு வந்தது. ஒவ்வொரு கம்பெனியின் கார்களுக்கான உதிரிபாகமும் தனிச் சந்தை என்றும், அதில் அந்தந்தக் கம்பெனிக்கு முழு ஆதிக்கம் உண்டு என்றும் அது சொன்னது. அதன் பிறகு தவறை நிறுவுவது கடினமாக இல்லை. கம்பெனிப் பெட்டியில் வரும் பாகங்களில் பலவற்றைக் கார் கம்பெனி செய்வதே இல்லை. வெளித் தயாரிப்பாளர்கள் செய்து கொடுக்கிறார்கள். அவர்கள் அதே பாகத்தைக் கடைகளுக்கு நேரடியாக விற்க ஒப்பந்தங்கள் தடைபோட்டிருந்தன. இது எங்கள் அறிவுசார் சொத்துரிமை என்றன கம்பெனிகள். அந்தக் கட்டுப்பாடுகளை நியாயப்படுத்தும் உரிமை இந்தியாவில் இருப்பதை அவை காட்டவில்லை என்றது ஆணையம். டூப்ளிகேட் பாகத்தாலும் அரைகுறை வேலையாலும் உயிராபத்து வரும் என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து அசல் பாகத்தை வெளியே கிடைக்கச் செய்வதும் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுப்பதும்தான். அசலைப் பூட்டி வைத்தால் போலிக்குத்தான் சந்தை பெருகும்.

பதினான்கு கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி. சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியிருந்த ஹூண்டாய்க்கு 2015 ஜூலையில் தனி உத்தரவில் 420 கோடி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றின் வழக்கில் சந்தை வரையறையை ஏற்றுக்கொண்டது. ஆனால் முழு விற்றுமுதலில் அபராதம் கூடாது, உதிரிபாக விற்பனையில் மட்டும் கணக்கிட வேண்டும் என்று தொகையைக் குறைத்தது. சந்தையைச் சுருக்கி வரைந்துவிட்டு அபராதத்துக்கு மட்டும் மொத்தக் கணக்கை எடுப்பது பொருந்தாது என்பதால் அது சரியான திருத்தம் என்றே நினைக்கிறேன். 2023இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, உலகளாவிய மொத்த விற்றுமுதலையே கணக்கிட வழிசெய்துவிட்டது.

எல்லாப் பொருளுக்கும் இப்படிக் கம்பெனிவாரியாகச் சந்தையைச் சுருக்கிவிடலாம் என்று எண்ணக் கூடாது. பிரின்டருக்கான மை கார்ட்ரிட்ஜ் பற்றி இதே போன்ற புகார் ஐரோப்பிய ஆணையத்துக்கு வந்தபோது, 2009இல் அது நிராகரிக்கப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2013இல் அதை உறுதிசெய்தது. பிரின்டர் சந்தையில் போட்டி பலமாக இருந்தது. பக்கத்துக்கு என்ன செலவாகும் என்று வாங்குபவர் முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. காரில் இல்லாதது இதுதான்.

அபராதத்தைவிட அந்த உத்தரவின் கட்டளைகள்தான் வண்டி வைத்திருப்பவருக்கு நேரடியாகப் பயன்படுபவை. பாகங்களும் ஸ்கேனர் போன்ற கருவிகளும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பாகங்களின் விலையைக் கம்பெனி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்துசெய்யக் கூடாது. வெளியே செய்த வேலை தவறாகப் போய் அதனால் பழுது வந்திருந்தால், அந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம்.