நூறு ரூபாய் கூடினால் ஆயிரம் கூடும்

'கோயம்புத்தூரில் அறை வாடகை ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரை, வரி தனி.' சென்னை நிறுவனம் ஒன்று தன் மேலாளர்களுக்கு அனுப்பிய பயணச் சுற்றறிக்கையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிப்பவர் கண்ணில் 7,500 மட்டும்தான் படும். கணக்குப் பிரிவுக்குத் தலைவலி தருவதோ கடைசி இரண்டு சொற்கள்.

2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். கூடுதலான தொகைக்கு மட்டுமல்ல, முழு வாடகைக்கும். 7,500 ரூபாய் அறைக்கு வரி 375, மொத்தம் 7,875. 7,600 ரூபாய் அறைக்கு வரி 1,368, மொத்தம் 8,968. "நூறு ரூபாய்தானே, நானே போட்டுக்கிறேன்" என்று ஊழியர் சொல்லும்போது, மிச்சம் 993 ரூபாய் யார் தலையில்? சுற்றறிக்கை இதைச் சொல்லாவிட்டால் ஊர் திரும்பியதும் வாக்குவாதம்தான்.

அந்த வரியை நிறுவனம் தான் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. அதற்கு ரசீது நிறுவனத்தின் பெயரில், அதன் ஜிஎஸ்டி எண்ணுடன் இருக்கவேண்டும். ஊழியரின் சொந்தப் பெயரில் இருந்தால் வரி கைவிட்டுப் போனதுதான். கார்டு தேய்த்ததும் வரும் துண்டுச்சீட்டோ, இணையத்தில் பதிவு செய்ததற்கான உறுதிச்சீட்டோ இதற்கு உதவாது. ஹோட்டல் தரும் வரி ரசீதுதான் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஹோட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வரிதான் விழும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு பெற்ற நிறுவனம், பெங்களூரு அறைக்குக் கொடுத்த வரியைக் கழிக்க முடியாது. எண் சரியாக இருந்தாலும் அது செலவுதான். அதனால் வெளிமாநில ஊர்களுக்கு 'வரி உட்பட' என்று உச்சவரம்பு வைப்பதே நேர்மையான கணக்கு என்பேன்.

பதிவு செய்யும் முறையும் இதிலிருந்துதான் பிறக்கிறது. முதலில் மேலதிகாரியின் ஒப்புதல். வரம்பு மீறும் என்று தெரிந்தால் காரணத்தோடு அப்போதே எழுதிக் கேட்கவேண்டும், திரும்பி வந்தபின் அல்ல. பிறகு, நிறுவனத்தின் பயணப் பிரிவு வழியாக, ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தே அறை பதிவு. சொந்தமாகப் பதிவு செய்பவர் அந்த எண்ணைத் தர மறந்துபோவது வழக்கம்.

ஹோட்டலில் நுழையும்போதே வரவேற்பு மேசையில் நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் ஒருமுறை சொல்லிவிடலாம். கிளம்பும்போது ரசீதில் எண்ணின் பதினைந்து எழுத்துகளையும் சரிபார்த்து, அறை வாடகை, சாப்பாடு, துணி வெளுப்பு எல்லாம் தனித்தனியாகக் காட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிழை இருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்குவது எளிது. ஹோட்டல் அந்த மாதக் கணக்கைத் தாக்கல் செய்தபின் கேட்டால், பத்துமுறை போன் போட்டும் திருத்திய ரசீது வந்துசேராது.