ராத்திரி மூன்று மணிக்கு ரவுட்டர் எடுக்கும் முடிவு

மதுரையில் என் அக்கா வீடு மூன்று மாடிக் குடியிருப்பில் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஆனால் ராத்திரி ஒன்பது மணி ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். யாரோ சொன்ன யோசனைப்படி அத்தான், தினமும் அதிகாலை 3 மணிக்கு ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி செட் செய்துவைத்தார். இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை. நான் போயிருந்தபோது, "லைன்லதான் கோளாறு மாப்ளே, கம்ப்ளைண்ட் கொடுக்கணும்" என்றார்.

"ஒரு நிமிஷம் இருங்க அத்தான்" என்று லேப்டாப்பை நேராக ரவுட்டரோடு கேபிளில் இணைத்தேன். வேகம் 94 எம்பிபிஎஸ். கேபிளைக் கழற்றிவிட்டு, அதே இடத்திலிருந்து வைஃபையில் பார்த்தால் 16. லைன் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவில் இருக்கும் காற்றில்.

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சிறு சிறு சேனல்களாகப் பிரிக்கப்பட்டது. இந்தியாவில் 1 முதல் 13 வரை எண்கள் உண்டு. ஆனால் சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒன்றையொன்று தொடாமல் இயங்கக்கூடியவை என்று வழக்கமாக எடுத்துக்கொள்வது 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான். ஒரே சேனலில் பத்து வீட்டு ரவுட்டர்கள் இருந்தால், ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். குழாயடியில் குடத்தோடு நிற்பது மாதிரிதான். தண்ணீர் வேகமாகத்தான் வருகிறது. நம் முறை வரத்தான் நேரமாகிறது.

போனில் வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து பார்த்தோம். அக்கா வீட்டு ரவுட்டர் 11-ஆம் சேனலில் இருந்தது. அதே சேனலில் இன்னும் ஏழு வீடுகள். 1-ஆம் சேனலில் இரண்டே இரண்டு. காலியாக ஓர் இடம் இருக்கும்போது ரவுட்டர் ஏன் கூட்டத்தில் போய் நின்றது?

காரணம் அந்த 3 மணி. அமைப்புப் பக்கத்தில் Channel என்ற இடத்தில் Auto என்று இருந்தால், ரவுட்டரே சேனலைத் தேர்ந்தெடுக்கும். பல வீட்டு ரவுட்டர்கள் இந்த வேலையை ஆன் ஆகும்போது ஒரு தடவைதான் செய்கின்றன. சுற்றிலும் கேட்டுப் பார்த்து, எது அமைதியாக இருக்கிறதோ அதில் உட்கார்ந்துவிடும். அடுத்த ரீஸ்டார்ட் வரை எழுந்திருக்காது. அதிகாலை 3 மணிக்கு எல்லாச் சேனலும் அமைதிதான். படுக்கும்போது ரவுட்டரின் சுவிட்சை அணைக்கிற வழக்கம் அந்தக் குடியிருப்பில் பல வீடுகளில் உண்டு. அணைக்காத வீடுகளிலும் அந்த நேரத்தில் யாரும் வீடியோ பார்ப்பதில்லை. ராத்திரி ஒன்பது மணிக் கூட்டத்தை ரவுட்டர் பார்த்ததே இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் பார்த்த இடத்தை நல்ல இடம் என்று தினமும் நம்பிக்கொண்டிருந்தது.

சேனலை 1 என்று கையால் மாற்றி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்தோம். அதே ஒன்பது மணிக்கு வைஃபை வேகம் 43 வந்தது. ரீஸ்டார்ட் அட்டவணையை நிறுத்திவிட்டோம்.

ரீஸ்டார்ட்டே வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ரவுட்டரும் ஒரு சின்னக் கணினி. வீட்டிலுள்ள ஒவ்வொரு போனும் டிவியும் திறக்கும் இணைப்புகளை அது ஒரு பட்டியலில் எழுதிவைத்துக்கொள்கிறது. மென்பொருளில் குறையுள்ள ரவுட்டரில் பழைய கணக்குகள் அழியாமல் சேர்ந்து, நினைவகம் நிரம்பி, நாள் ஆக ஆக மந்தமாகும். ரீஸ்டார்ட் செய்தால் பட்டியல் காலியாகி மறுபடி சுறுசுறுப்பாகும். இதையும் சேனல் நெரிசலையும் பிரித்தறிய கேபிள் போதும். மந்தமாக இருக்கும்போது ரீஸ்டார்ட்டுக்கு முன்னும் பின்னும் கேபிளில் அளந்து பாருங்கள். கேபிளிலும் வேகம் கூடினால் ரவுட்டருக்குள்ளே குறை. அதன் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், அதிலும் தீராவிட்டால் ரவுட்டரையே மாற்ற வேண்டும். வைஃபையில் மட்டும் கூடினால், தற்செயலாக நல்ல சேனல் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபைபருக்குப் பதில் செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இணைப்பில் தினசரி ரீஸ்டார்ட் நேரடியாகவே கெடுதல் செய்யலாம். ஒவ்வொரு தடவையும் மோடம் கம்பியின் இரைச்சலை அளந்து, அதற்கேற்ற வேகத்தைப் புதிதாகப் பேசி முடிக்கிறது. பிரிட்டனில் இத்தகைய இணைப்புகளைத் தானாகக் கண்காணிக்கும் ஏற்பாடு உண்டு. இணைப்பு அடிக்கடி அறுந்து சேர்ந்தால், கம்பி நிலையாக இல்லை என்று முடிவுகட்டி அது வேகத்தைக் குறைத்துவிடும்.

அடுத்த மாதம் அத்தான் வேறொன்று செய்தார். பையன் பத்தாம் வகுப்பு. ராத்திரி 11 முதல் காலை 6 வரை வைஃபை அணையும்படி வைத்தார். பையன் தூங்கினான், அந்த வகையில் நல்லதுதான். ஆனால் சாயங்காலம் மறுபடி வீடியோ அழைப்பு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. இந்தத் தடவை சேனலில் குறை இல்லை.

போன்கள் தங்கள் பெரிய வேலைகளை நாம் தூங்கும்போது செய்துகொள்ளப் பழகியவை. ஐபோன் தன் ஐகிளவுட் பேக்கப்பைத் தானாகத் தொடங்க வேண்டுமானால் சார்ஜில் இருக்க வேண்டும், திரை பூட்டியிருக்க வேண்டும், வழக்கமாக வைஃபையும் வேண்டும். அக்காவின் போன் ராத்திரி சார்ஜில் இருக்கும், திரையும் பூட்டியிருக்கும், வைஃபைதான் இல்லை. மூன்றும் ஒன்றாகக் கூடியது சாயங்காலம் ஏழு மணிக்கு, சமைக்கும்போது அக்கா போனைச் சார்ஜில் போடும் நேரத்தில். அன்றைய படங்களும் வீடியோக்களும் அப்போதுதான் மேலே ஏறத் தொடங்கும். ஏற்றம் நிரம்பினால், அழைப்பின் சின்னச் சின்னத் துண்டுகளும் அதே வரிசையில் பின்னால் காத்து நிற்கும். வைஃபை அணைவதை அதிகாலை 1 மணிக்குத் தள்ளிவைத்து, பையனின் போனுக்கு மட்டும் 11 மணி என்று தனியாகக் கட்டுப்பாடு போட்டதும் தொல்லை நின்றது.

அட்டவணை போடுகிறவர்கள் ரவுட்டரின் கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் இணையத்திலிருந்துதான் நேரத்தைக் கேட்டு வாங்கும். Time Zone என்ற இடத்தில் GMT+05:30 இல்லாமல் வெறும் GMT என்று இருந்தால், 3 மணி ரீஸ்டார்ட் நம் கணக்குக்குக் காலை 8.30-க்கு நடக்கும். 11 முதல் 6 வரை என்று வைத்த வைஃபை, விடியற்காலை 4.30-க்கு அணைந்து பகல் 11.30-க்குத்தான் வரும். தினமும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் இணைப்பு அறுந்தால், கம்ப்ளைண்ட் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

சேனலைக் கையால் வைக்கத் தயக்கமாக இருந்து, Auto-விலேயே விடுவதானால், ரவுட்டரை அதிகாலையில் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஊரே வைஃபையில் இருக்கும் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு தடவை செய்யுங்கள். இரண்டு நிமிடம் சீரியல் நிற்கும். ஆனால் கூட்டத்தைக் கண்ணால் பார்த்து ரவுட்டர் இடம் பிடிக்கும்.